சிரிக்காமல் வாசிக்க வேண்டிய செய்தி

நாளையிலிருந்து விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்து கடற்கரையில் ஓடப்போகிறேன் என்று ராத்திரி பத்தரை மணிக்கு நண்பர் அறிவிக்கிறார். மறுநாள் அவர் போர்வையை விலக்கும்போது மணி எட்டேகால். இதை அவரிடமே கேலியாகச் சொன்னால் ஒரு நிமிடச் சிரிப்போடு முடிந்துவிடும். வானொலிச் செய்தி போல, ஒரு புன்னகைகூட இல்லாமல் வாசித்துக் காட்டினால் வருஷக்கணக்கில் நினைவிருக்கும்.

இந்த விளையாட்டு தமிழில் எடுபடுவதற்கு நம் காதுப் பழக்கம் ஒரு காரணம். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வெள்ளமானாலும் கிரிக்கெட் வெற்றியானாலும் அந்தக் குரலில் ஒரே நிதானம், ஒரே உச்சரிப்புச் சுத்தம். செய்தி எவ்வளவு பெரிது என்பதைக் கேட்பவர்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்த நிதானத்தை ஒரு கட்டிலுக்கும் ஓர் அலாரத்துக்கும் கொடுப்பதுதான் இங்கே வேலை.

மயிலாப்பூர் வீடு ஒன்றில் நடந்ததாக வைத்துக்கொண்டு, அறிக்கையை எழுதிப் பார்ப்போம்.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். அதிகாலையில் எழும் முயற்சி தோல்வி. ஐந்து முறை ஒலித்த அலாரம் ஓய்ந்தது. காபி ஆறியது குறித்துத் தாயார் கவலை.

இனி விரிவான செய்திகள். இன்று முதல் மெரினாவில் ஓடப்போவதாக மயிலாப்பூர் இளைஞர் ஒருவர் நேற்றிரவு அறிவித்திருந்தார். திட்டமிட்டபடி 4.30 மணிக்கு அலாரம் ஒலித்தது. ஒன்பது நிமிட இடைவெளியில் மேலும் நான்கு முறை ஒலித்தது. 5.06 மணிக்குப் பிறகு அறையில் அமைதி திரும்பியது. முன்னதாக, 4.57 மணியளவில் இளைஞரின் வலது கால் கட்டிலுக்கு வெளியே காணப்பட்டதாகவும், சற்று நேரத்தில் அது போர்வைக்குள் திரும்பிவிட்டதாகவும் நேரில் கண்ட தம்பி தெரிவித்தார். ஆறு மணிக்குப் போடப்பட்ட காபி இருமுறை சூடுபடுத்தப்பட்டது. 8.15 மணிக்கு எழுந்த இளைஞர், அலாரம் அடிக்கவே இல்லை என்று கூறியதைத் தாயார் திட்டவட்டமாக மறுத்துள்ளார். ஓடுவதற்கென வாங்கப்பட்ட ஷூ, பெட்டியிலேயே பத்திரமாக இருப்பதாகத் தெரியவந்துள்ளது. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

இதில் அதிகம் சிரிப்பு வருவது வலது கால் வரும் இடத்தில். அங்கே நகைச்சுவைச் சொல் ஒன்றுகூட இல்லை. நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, நேரில் கண்ட சாட்சி இருக்கிறார். அதே வாக்கியத்தை "கும்பகர்ணனின் ராட்சதக் கால் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தது" என்று எழுதிப் பாருங்கள். வாசிப்பவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது தெரிந்துபோகும். கேட்பவருக்குச் சிரிக்க மிச்சமிருக்காது. எழுதி முடித்ததும் அடைமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உரக்கப் படிப்பது நல்ல சோதனை.

ஒன்பது நிமிடக் கணக்கும் கற்பனை இல்லை. ஐபோனில் "ஸ்நூஸ்" அழுத்தினால் அலாரம் வழக்கமாக ஒன்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி அடிக்கும். 4.30, 4.39, 4.48, 4.57, 5.06 என்று கணக்கு சரியாக வருவதால் அறிக்கைக்கு ஒரு நம்பகத்தன்மை கிடைக்கிறது. உங்கள் நண்பரின் போனில் இடைவெளி வேறாக இருந்தால் அதையே போடுங்கள்.

அலாரம் அடிக்கவே இல்லை என்ற மறுப்பைப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் மூளை உடனே தெளிவதில்லை. பலருக்கு அந்த மந்தம் விலகக் கால் மணி, அரை மணி நேரம்கூட ஆகும். கை போனைத் தேடி அழுத்திவிடும். காலையில் அது ஞாபகத்திலேயே இருக்காது. அதனால்தான் அறிக்கை அவரைப் பொய்யர் என்று தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பையும் பதிவு செய்துவிட்டு நகர்கிறது. செய்தி வாசிப்பவருக்கு அது மரபு. நண்பருக்கு அது மரியாதை.

இந்த மரியாதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடம்பு சரியில்லாமலோ, மனச்சோர்வாலோ, ராத்திரி ஷிப்டு முடித்து வந்தோ எழ முடியாதவரை இப்படி வாசிக்கக் கூடாது. எழாததால் வேலைக்கோ பரீட்சைக்கோ கேடு வந்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். தானாக முன்வந்து பெரிதாக அறிவித்தவரின், யாருக்கும் நஷ்டமில்லாத தோல்விதான் இதற்குத் தோதான செய்தி.

வாசிக்க ஒன்றரை நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கேட்பவர் கவனம் சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விடும். அன்று சாயங்காலமே, அவரையும் உட்காரவைத்து, தம்பியும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள். வலது கால் விஷயத்தைத் தம்பி அங்கேயே எழுந்து உறுதிப்படுத்துவார்.