லட்டுல முந்திரி எங்கே போச்சு? நலங்கில் சம்பந்திகளின் கேலிப் பாட்டு... சிரிக்க வைப்பது எப்படி?

முகூர்த்தம் முடிந்தாச்சு. சாப்பாடும் ஆச்சு. மாலை வேளையில் மண்டபத்தின் நடுவே ஜமக்காளம் விரித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். ஒருபக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். தாம்பாளத்தில் மஞ்சள், சந்தனம், பூப்பந்து, தேங்காய், அப்பளம், சீப்பு, கண்ணாடி. தமிழ் பிராமணக் குடும்பங்களில் இதற்கு நலங்கு என்று பெயர்.

பெண், மாப்பிள்ளையின் காலில் நலங்கு இடுவாள். தலை வாரி, கண்ணாடி காட்டுவாள். பிறகு இருவரும் தேங்காயை உருட்டி விளையாடுவார்கள், அப்பளத்தை ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் உடைப்பார்கள். விளையாடுவது இரண்டு பேர்தான். ஆனால், உண்மையான போட்டி சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குள் நடக்கும். ஆயுதம், ஏசல் பாட்டு!

ஏன் இந்தக் கேலி?

அந்தக் காலத்துக் கல்யாணம் நான்கைந்து நாள் நடக்கும். மணமக்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். பெண்ணின் குறைந்தபட்ச வயது 14 என்று வைத்த சாரதா சட்டமே 1929-ல்தான் வந்தது. முன்பின் பேசியிராத இரண்டு பிள்ளைகளின் கூச்சம் போக விளையாட்டு தேவைப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணம் முழுக்க பெண் வீட்டார் பணிந்தே போக வேண்டியிருந்தது. சம்பந்திக்குக் காபி சூடாக வந்ததா, படுக்கை சரியாக இருந்ததா என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வாயைத் திறந்து திருப்பிப் பேச முடிந்த இடம் நலங்குதான். அதையும் பேச்சாகச் சொன்னால் சண்டை, பாட்டாகச் சொன்னால் சிரிப்பு. பல பேர் சேர்ந்து பாடுவதால் ‘இவள்தான் சொன்னாள்’ என்று யாரையும் தனியாகப் பிடிக்கவும் முடியாது.

தேங்காய் உருண்டது... பாட்டும் உருண்டது!

ஒரு நலங்கைக் கற்பனை செய்து பார்ப்போம். மாப்பிள்ளை உருட்டிய தேங்காய், பெண்ணிடம் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. உடனே பெண் வீட்டார் கும்மி மெட்டில் தொடங்குகிறார்கள். வரிகள் எங்கள் டெஸ்க்கில் எழுதியவை:

*தேங்காய் உருட்ட வந்தாரே மாப்பிள்ளை – அது*
*பாங்காய் உருண்டு போச்சே பந்திக்கு!*
*தாங்காத பசியோ என்னமோ – அங்கே*
*ஏங்கித் தவிக்குது எங்க லட்டுக்கு!*

ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் இரண்டாவது எழுத்து ‘ங்’ என்று வருவதைக் கவனியுங்கள். இதுதான் எதுகை. பாட்டு காதில் ஒட்டுவதற்கு இது போதும். மேலும், கேலி செய்யப்படுவது மாப்பிள்ளையின் குணம் இல்லை, சற்று முன் எல்லோர் கண்ணெதிரே நடந்த ஒரு சின்னத் தடுமாற்றம். அதனால் அவரும் சேர்ந்து சிரிக்கலாம்.

இப்போது மாப்பிள்ளை வீட்டார் பதில் பாட வேண்டும். லட்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலில் மனதில் வருவது ‘லட்டில் முந்திரியே இல்லையே’ என்ற கேலிதான். ஆனால், இங்கேதான் ஆபத்து. சாப்பாட்டுச் செலவைப் பெண்ணின் அப்பா ஏற்றிருக்கலாம், அதற்குக் கடனும் வாங்கியிருக்கலாம். நூறு பேர் முன்னால் அவர் கஞ்சன் என்று பாடியது போல ஆகிவிடும். அதே முந்திரியை இப்படித் திருப்பினால்?

*பந்திக்குப் போனது பசிக்காக இல்லே – நீங்க*
*தந்த லட்டிலே முந்திரி தேடத்தான்!*
*வந்து பார்த்த தேங்காய் சொல்லுது – அது*
*முந்தியே உங்க வாய்க்குள் போச்சுதாம்!*

இரண்டாவது வரியில் ‘அடடா, சாப்பாட்டைக் குறை சொல்கிறார்களே’ என்று சபை ஒரு நொடி திகைக்கும். நான்காவது வரியில் பழி பெண்ணின் அப்பாவை விட்டுவிட்டு, எதிரே பாடிக்கொண்டிருக்கும் பெண்கள் மீது வந்து விழும். முந்திரியைத் தின்றது அவர்களாம்! லட்டும் தப்பித்தது, அப்பாவும் தப்பித்தார்.

மாமியாரைப் பாடலாமா?

பாடாவிட்டால்தான் சம்பந்தியம்மாவுக்கு வருத்தம்! ஆனால், கேலிக்கு எடுக்கும் விஷயம் அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வதாக இருக்க வேண்டும். காபி விஷயத்தில் கறாரானவர் என்றால், அதுவே போதும்.

*காபி ஆறிப் போச்சாம் மாமிக்கு – உடனே*
*கோபம் ஏறிப் போச்சாம் மூக்குக்கு!*
*தாபம் தீர இன்னொரு டபரா – முகம்*
*தீபம் போலே மின்னுது பாரம்மா!*

கோபத்தில் ஏற்றி, தீபத்தில் இறக்கியாச்சு. கடைசி வரி பாராட்டாக முடிந்தால் முந்தைய வரிகளின் முள் தானாகவே மழுங்கிவிடும்.

தொடக் கூடாதவை

நிறம், உடல் பருமன், வழுக்கை, வயது, சம்பளம், நகை, சீர், முன்பு தட்டிப்போன வரன்கள், ‘சீக்கிரம் குழந்தை’ என்ற பேச்சு. இவற்றில் எதையும் எவ்வளவு அழகான எதுகையில் வைத்தாலும் காயம்தான். காபிக் கோபம் ஐந்து நிமிடத்தில் போய்விடும், நிறமும் சீரும் அப்படிப் போகாது. பெண்ணோ அவற்றைப் பற்றிய பேச்சைப் புகுந்த வீட்டில் பல வருடங்கள் கேட்க நேரிடும்.

இப்போது செல்போன் வேறு. அந்தக் காலத்தில் ஒரு வரி தவறினால் அடுத்த பாட்டில் மறந்துவிடும். இன்று அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, மண்டபத்தில் இல்லாதவர்களும் பார்ப்பார்கள். சுற்றி இருந்தவர்களின் சிரிப்பும் சூழலும் தெரியாமல், அந்த ஒரு வரி மட்டும் நிற்கும்.

அதனால் எழுதியதும் எதிர்த் தரப்பில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் ரகசியமாகக் காட்டிவிடுங்கள். மாப்பிள்ளையின் அக்கா அல்லது அத்தை சிறந்த உளவாளி! ‘அப்பாவுக்கு இது பிடிக்காது’ என்று அவர் சொன்னால் விவாதமே வேண்டாம், அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய நேரம்

ஒரு தரப்புக்கு நான்கு பாட்டு தாராளம். பதில் பாட்டு வந்துகொண்டிருக்கும் வரை விளையாட்டு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். எதிர்த் தரப்பு பதில் பாடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அல்லது பாடப்பட்டவர் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனால், அடுத்த கேலியை எடுக்காதீர்கள். உடனே அப்பளத்தைக் கையில் கொடுத்து விளையாட்டை மாற்றுங்கள். எதிர்த் தரப்பில் பாடத் தெரிந்தவரே இல்லை என்றாலும் இதேதான். பதில் சொல்ல முடியாதவரைப் பாடிக்கொண்டே இருந்தால் அது விளையாட்டு இல்லை.

எல்லாம் நல்லபடியாகப் போனால், கடைசிப் பாட்டை இரு வீட்டாரும் சேர்ந்து பாடி, ஆரத்தி எடுத்து முடிக்கலாம். அதற்கும் ஒன்று எழுதியிருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்:

*தட்டிப் பேசினது எல்லாம் தமாஷு – மனசில்*
*ஒட்டிக்கிட்டது உறவு மட்டும்தான்!*
*எட்டி நிக்க வேண்டாம் சம்பந்தி – வாங்க*
*சட்டுனு உள்ளே, காபி ஆறுது!*