ஒரு செப்புப் பெட்டியில் எத்தனை அணுக்கள்?

சென்ற வாரம் வகுப்பில் செம்பின் படிக அமைப்பைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு கனசதுரம், எட்டு மூலைகளிலும் ஓர் அணு, ஆறு முகங்களின் நடுவிலும் ஓர் அணு. "இந்தப் பெட்டிக்குள் எத்தனை அணுக்கள்?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் பதினான்கு என்றார்கள். படத்தில் எண்ணினால் பதினான்குதான் வரும். ஆனால் அந்த விடை தவறு. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

செம்பு போன்ற திண்மங்களில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியை அலகுக்கூடு என்கிறோம். செம்பின் அமைப்பை 1914இல் வில்லியம் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தார். அதன் அலகுக்கூட்டின் விளிம்பு நீளம் 361.5 பிக்கோமீட்டர், அதாவது 3.615 × 10⁻⁸ சென்டிமீட்டர்.

முதலில் பதினான்கு சரியென்றே வைத்துக்கொள்வோம். ஒரு மோல் செம்பின் நிறை 63.55 கிராம். அதை அவகாட்ரோ எண்ணான 6.022 × 10²³ ஆல் வகுத்தால் ஓர் அணுவின் நிறை 1.055 × 10⁻²² கிராம். பதினான்கு அணுக்களுக்கு 1.477 × 10⁻²¹ கிராம். பெட்டியின் கனஅளவு விளிம்பின் மும்மடிப் பெருக்கம்: 4.724 × 10⁻²³ கன சென்டிமீட்டர். நிறையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி 31.3 கிராம்!

இது நடக்காத காரியம். சாதாரண நிலையில் மிக அடர்த்தியான தனிமமான ஆஸ்மியமே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 22.6 கிராம்தான். நம் வீட்டு மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு அதை மிஞ்ச முடியுமா?

பிழை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் அறைக்கும் பக்கத்து வீட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர் இருவருக்கும் பொது. அதில் பாதிதான் உங்களுடையது. அதே போல முகத்தின் நடுவிலுள்ள அணு இரண்டு பெட்டிகளுக்குப் பொது. ஆக ஆறு முகங்களிலிருந்து 6 × ½ = 3 அணுக்கள்.

மூலை சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். உங்கள் அறையின் மேல் மூலையில் உங்கள் மாடியில் நான்கு அறைகள் சந்திப்பதாகக் கொள்ளுங்கள். மேல்மாடியிலும் அதே இடத்தில் நான்கு அறைகள். மொத்தம் எட்டு. எனவே மூலை அணுவில் எட்டில் ஒரு பங்கே ஒரு பெட்டிக்குச் சேரும்: 8 × ⅛ = 1. மாணவர்கள் பலர் மேல்மாடியை மறந்து கால் பங்கு என்று எழுதிவிடுவார்கள். தாளில் வரைந்த தட்டையான படம் செய்யும் வேலை அது.

மூன்றும் ஒன்றும் நான்கு. நான்கு அணுக்களின் நிறை 4.221 × 10⁻²² கிராம். அதே கனஅளவால் வகுத்தால் 8.94 கிராம். அளந்து பார்த்த அடர்த்தி 8.96. வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. கண்ணால் பார்க்க முடியாத பெட்டியை வைத்து, கையில் எடை போடும் உலோகத்தின் அடர்த்தியைச் சொல்லிவிட்டோம்! சூத்திரமாக எழுதினால்:

ρ = (n × M) / (a³ × N)

இதில் n பெட்டியிலுள்ள அணுக்கள், M ஒரு மோலின் நிறை, a விளிம்பு நீளம், N அவகாட்ரோ எண். நான்காம் படிவத்து மோல் கணக்கே இதற்குப் போதும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: 3.615ஐ மும்மடியாக்கிவிட்டு 10⁻⁸ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். அதுவும் 10⁻²⁴ ஆக வேண்டும். மறந்தால் விடை பதினாறு சுழியங்கள் தள்ளிப் போய்விடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவை. இரும்பின் அமைப்பு தெரியாது என்று வையுங்கள். அடர்த்தி 7.87, விளிம்பு 286.6 பிக்கோமீட்டர், மோலின் நிறை 55.85 கிராம். பெட்டியின் கனஅளவு 2.354 × 10⁻²³. அடர்த்தியால் பெருக்கினால் பெட்டியின் நிறை 1.853 × 10⁻²² கிராம். ஓர் இரும்பணுவின் நிறை 9.274 × 10⁻²³ கிராம். வகுத்தால் 1.998, அதாவது இரண்டு. மூலைகள் சேர்ந்து தருவது ஒன்று. மற்றொன்று பெட்டியின் நட்டநடுவில் யாரோடும் பங்கிடாமல் முழுதாக இருக்கிறது. இதைப் பொருள்மையக் கனசதுரம் என்பார்கள். செம்பினுடையது முகப்புமையக் கனசதுரம். மூலைகளில் மட்டும் அணுக்கள் இருந்தால் எண்ணிக்கை ஒன்று. அது எளிய கனசதுரம். இத்தகைய உலோகங்களில் n முழு எண்ணாகத்தான் வரவேண்டும். 2.6 என்று வந்தால் கணக்கில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் முறை. அலுமினியத்தின் அடர்த்தி 2.70, விளிம்பு 404.9 பிக்கோமீட்டர், மோலின் நிறை 26.98 கிராம். அதன் பெட்டி செம்பைப் போன்றதா, இரும்பைப் போன்றதா?