இணையப் பதிப்பில் எழுத்துருத் தேர்வு: திருநீர்மலைப் பாசுர உரைப்பக்கத்தை முன்வைத்து

முன்னுரை

அச்சில் பதிப்பாசிரியர் கண்டு இசைந்த எழுத்துவடிவமே வாசகரைச் சென்றடைகிறது. இணையத்தில் அவ்வுறுதி இல்லை. பதிப்பாசிரியர் தருவது ஒருங்குறிக் குறியீடுகளின் வரிசை. அதற்கு வடிவம் தருவது வாசகரின் கருவியில் அப்போது கிடைக்கும் எழுத்துரு. எனவே எழுத்துரு, எழுத்தளவு, வரி உயரம், மாற்று எழுத்துரு ஆகியவற்றைத் தீர்மானிப்பது பதிப்புப் பணியின் ஒரு கூறாகிறது. திருநீர்மலை குறித்துத் திருமங்கையாழ்வார் பாடிய பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழியை, பெரியவாச்சான் பிள்ளையின் மணிப்பிரவாள உரையோடும் கல்வெட்டுப் படிகளோடும் ஒரு பக்கத்தில் வெளியிடுவதாகக் கொண்டு, அத்தீர்மானங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

மூவகைப் பாடம்

இப்பக்கத்தில் மூவகை எழுத்துத் தேவைகள் சேர்கின்றன. பாசுரத்திற்குத் தமிழ் நெடுங்கணக்கே பெரும்பாலும் போதும். தமிழ் எழுத்துரு எதிலும் அது அமையும். உரைக்கு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுடன் ‘ஶ’ என்னும் எழுத்தும் வேண்டும். இவ்வெழுத்து U+0BB6 என்னும் இடத்தில் 2005இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. அதற்கு முன் அமைந்த எழுத்துருக்களில் அது இருக்க வாய்ப்பில்லை. கல்வெட்டுப் படிக்கு ௰, ௱, ௲ முதலிய எண்களும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளும் தேவைப்படும். பின்னக் குறிகள் தமிழ்த் தொகுதியில் இல்லை; 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில், ‘தமிழ்ப் பின்னிணைப்பு’ என்னும் தனித் தொகுதியில் இடம்பெற்றன.

ஆகவே எழுத்துருவை அதன் அழகு நோக்கித் தேர்வதற்கு முன், பாடத்தில் வரும் எழுத்துகள் அனைத்தும் அதில் உள்ளனவா என நோக்க வேண்டும். இல்லாத எழுத்துக்கு உலாவி வேறோர் எழுத்துருவை நாடும். அதுவும் இல்லையெனில் வெற்றுக் கட்டம் தோன்றும். கட்டம் வாசகருக்குப் பிழையைக் காட்டிவிடும். ஆனால் ஒரு சொல்லின் நடுவே ஓரெழுத்து மட்டும் தடித்தோ சிறுத்தோ தோன்றினால், பதிப்பாசிரியர் அதனை வேண்டுமென்றே வேறுபடுத்தினார் என்று வாசகர் மயங்க இடமுண்டு.

வேறுபாடு காட்டும் உறுப்புகள்

ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படாமையும், ரகரமும் கால் குறியும் ஒத்திருந்தமையும், எகர ஏகாரக் கொம்புகள் வேறுபடாமையும் பதிப்பாசிரியர்களுக்குத் தந்த இடர்ப்பாடு அறிந்ததே. திரையில் எழுத்துரு பொருந்தாவிடின் அதே இடர்ப்பாடு மீளும். தலைப்புகளுக்கென அமைந்த தடித்த எழுத்துருக்களில் புள்ளி எழுத்தின் மேற்கோட்டோடு ஒட்டி, ‘க்’ என்பது ‘க’ எனப் படிக்கப்படலாம். கோடுகளை எளிமைப்படுத்திய வடிவங்களில் ‘ர’வின் அடிச்சாய்வு குறைந்து அது கால் குறிபோல் தோன்றலாம். இரட்டைக் கொம்பின் மேற்சுழி சிறுத்தால் ‘கெ’, ‘கே’ மயங்கும்.

இதனை அறிய ‘க், க, கார், காரா, கெட, கேட’ என்னும் சோதனை வரியை அமைத்து, அடிக்குறிப்புக்கு உரிய மிகச் சிறிய அளவில் கைப்பேசியில் காண்பது போதும். உரைப்பகுதிக்கு 18 படப்புள்ளி அளவும் அடிக்குறிப்புக்கு 15 படப்புள்ளிக்குக் குறையாத அளவும் தொடக்கமாகக் கொள்ளத்தக்கவை. 15இல் புள்ளி தெளியாத எழுத்துரு இப்பணிக்கு உகந்ததன்று.

வரி உயரம்

தமிழ் எழுத்து மேலும் கீழும் நீள்வது. மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும், கீழே ‘கூ, ழு, மூ’ முதலியவற்றின் வளைவுகளும் இடம் கொள்கின்றன. எழுத்தளவின் 1.5 மடங்கு என்னும் வரி உயரம் உரோமன் எழுத்துக்குப் பெரும்பாலும் போதுமானது. தமிழில் அதே அளவு மேல்வரியின் ‘ழூ’வையும் கீழ்வரியின் ‘ற்’ஐயும் நெருங்கச் செய்யும், அப்போது புள்ளி எவ்வரிக்கு உரியது என்பதே ஐயமாகும். 1.7 முதல் 1.8 வரை அமைத்தால் இந்நெருக்கம் நீங்கும்.

இம்மதிப்பை அலகின்றி எண்ணாகத் தருவது இன்றியமையாதது. உரைப்பகுதிக்கு ‘32px’ எனத் தந்தால், அதனுள் 30 படப்புள்ளி அளவில் அமையும் தலைப்பும் அதே உயரத்தைப் பெற்று, இரண்டாம் வரிக்கு மடங்கும்போது எழுத்துகள் மோதும். எண்ணாகத் தந்தால் ஒவ்வொரு பகுதியும் தன் எழுத்தளவால் பெருக்கிக்கொள்ளும். மதிப்பே தராமல் விட்டால் வேறொரு சிக்கல் எழும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்குரிய உயரத்தைக் கொண்டிருப்பதால், மாற்று எழுத்துரு கலந்த வரி மட்டும் விலகி நின்று, வரியிடைவெளி சீரற்றுப் போகும்.

மாற்று எழுத்துருக்களின் வரிசை

மேற்கண்ட தேவைகளைப் பின்வரும் அமைப்பு நிறைவேற்றும்:

```css
.urai {
  font-family: "Noto Serif Tamil",
    "Noto Sans Tamil Supplement",
    "Nirmala UI", "Tamil MN", serif;
  font-size: 1.125rem;
  line-height: 1.8;
}
```

உலாவியின் இயல்பு அளவு 16 படப்புள்ளியாயின், 1.125rem என்பது 18 படப்புள்ளியாகும். வாசகர் தம் உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் அவ்விருப்பமும் காக்கப்படும். முதல் இரண்டும் பக்கத்தோடு அனுப்பப்பட வேண்டிய இணைய எழுத்துருக்கள். இரண்டாவது, பின்னக் குறிகளுக்கு மட்டுமே பயன்படுவது. அடுத்து வருவன முறையே விண்டோஸ், ஆப்பிள் கணினிகளில் உள்ளவை; இணைய எழுத்துரு வந்து சேரும்வரை பக்கத்தைப் படிக்க உதவுபவை.

அனுப்பும் கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைச் சுருக்கும்போதே பெரும்பிழைகள் நேர்கின்றன. எழுத்துகளை இணைக்கும் விதிகள் நீங்கினால் ‘கு’ ஒரே வடிவாக அமையாமல், ககரமும் உகரக் குறியும் தனித்தனியே நிற்கும். உரையில் வடமொழி வருக்க ஒலிகளைக் காட்ட ‘க², க³, க⁴’ என மேலெண் இடும் பதிப்புகளில், அவ்வெண்கள் தமிழ்த் தொகுதிக்கு வெளியே இருப்பதால் சுருக்கத்தில் விடுபடும். எண் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்து, அளவில் மாறுபட்டு நிற்கும். மேலும், எண்ணை உயிர்க்குறிக்குப் பின்னரே இட வேண்டும். ‘கா²’ என்பதற்கு மாறாக ககரத்தை அடுத்து எண்ணையும் அதன்பின் காலையும் தட்டெழுதினால், ஊன்ற மெய்யின்றிக் கால்குறி புள்ளிவட்டத்தின் மேல் தோன்றும். புள்ளிவட்டம் காணப்படின் முதலில் தட்டெழுத்து வரிசையையும் பின்னர் எழுத்துருவையும் ஐயுற வேண்டும்.

எந்த எழுத்துரு உண்மையில் பயன்பட்டது என்பதை உலாவியே காட்டும். குரோம் உலாவியின் ஆய்வுக்கருவியில் ‘Computed’ பகுதியின் இறுதியிலும், பயர்பாக்ஸில் ‘Fonts’ பகுதியிலும் எழுத்துருப் பெயர்களைக் காணலாம். எதிர்பாராத பெயர் ஒன்று இடம்பெற்றால், பாடத்தில் ஏதோ ஓர் எழுத்து விடுபட்டது என்பது பொருள்.

எழுத்துருவால் தீராதது

‘ஸ்ரீ’ என்னும் வடிவம் ஸகரத்தை முதலாகக் கொண்டும் ஶகரத்தை முதலாகக் கொண்டும் உள்ளிடப்படுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘ஔ’ என்பதற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து உள்ளிடப்பட்டிருந்தாலும் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. ஆனால் ஒன்றைத் தேடும் ஆய்வாளருக்கு மற்றொன்று கிட்டாது. சொல்லடைவின் எண்ணிக்கையும் பிழைபடும். இத்தகைய இடங்களில் நல்ல எழுத்துருவே பிழையை மறைத்துவிடுகிறது. ஆதலால் வடிவச் சோதனைக்கு முன் குறியீட்டுச் சோதனை நிகழ வேண்டும்.

முடிவுரை

பாடத்தின் குறியீட்டை ஒருமைப்படுத்துதல், வேண்டிய எழுத்துகளைப் பட்டியலிடுதல், அவை அனைத்தையும் கொண்ட எழுத்துருவைத் தேர்தல், சிறிய அளவில் புள்ளியும் கொம்பும் தெளிவதைக் காணுதல், வரி உயரத்தை எண்ணாகத் தருதல், மாற்று எழுத்துருக்களை வரிசைப்படுத்துதல் என்பதே பணிமுறையாகிறது. இவ்வொழுங்கில் அமைந்த திருநீர்மலைப் பக்கத்தில் பாசுரமும் உரையும் கல்வெட்டுப் படியும் எழுத்து மயக்கமின்றி வாசகரைச் சேரும். ஒருமைப்படுத்திய குறியீடு எது என்பதைப் பதிப்பு முன்னுரையில் குறிப்பது, பின்வரும் ஆய்வாளர் தம் தேடலைச் சரியாக அமைக்கத் துணைபுரியும்.