தந்தையின் பெயர் குடும்பப் பெயராகுமா?

எத்தியோப்பிய மக்களிடையே பொதுவாகக் குடும்பப் பெயர் என்பது இல்லை. ஒருவருடைய சொந்தப் பெயரைத் தொடர்ந்து தந்தையின் பெயரும், அதன்பின் பாட்டனாரின் பெயரும் வரும். மணமான பின்னரும் பெண்கள் தம் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. 2019-ஆம் ஆண்டு நோபெல் சமாதானப் பரிசு பெற்ற பிரதமர் அபி அகமது அலியை ‘அகமது’ என்று மட்டும் குறிப்பிடுவோர், உண்மையில் அவருடைய தந்தையின் பெயரையே சொல்கின்றனர்.

வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. தந்தை தானியேல் தெஸ்பாயே பெக்கலே, மகன் சாமுவேல் தானியேல் தெஸ்பாயே என்று வைத்துக்கொள்வோம். இறுதிப் பெயரையே குடும்பப் பெயராக எழுதினால், தந்தை பெக்கலே ஆகிறார். மகனோ தெஸ்பாயே ஆகிறான். தாயின் பெயர் முற்றிலும் வேறு. ஒரே வீட்டார் மூவரும் ஒருவருக்கொருவர் அந்நியராகத் தோன்றுவர். பிள்ளை இவர்களுடையதுதானா என்னும் ஐயம் அதிகாரிக்கு எழக்கூடும்.

உற்று நோக்கினால், மகனின் இரண்டாம் பெயர் தந்தையின் முதற்பெயராகவும், மூன்றாம் பெயர் தந்தையின் இரண்டாம் பெயராகவும் இருப்பது புலப்படும். இப்பொருத்தத்தைப் பிறப்புச் சான்றிதழுடன் எடுத்துக்காட்டி உறவை விளக்கலாம். ஆயினும், ஒரு படிவத்தில் தந்தையின் பெயரையும் மற்றொன்றில் பாட்டனாரின் பெயரையும் குடும்பப் பெயராக எழுதினால், ஒரே மனிதர் ஏடுகளில் இருவராகிவிடுவார். ஆகையால் கடவுச்சீட்டில் உள்ள வரிசையையே எல்லாப் படிவங்களிலும் மாறாது எழுதுதல் வேண்டும்.