கோடில்லாத இலக்கம்

கோலியனூர் கூட்டுரோட்டில் எனக்குப் பழக்கமான மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் பில் போட ஏற்பாடு செய்தபோது கம்ப்யூட்டரும் பில் மெஷினும் முதலில் வந்துவிட்டன. ஸ்கேனர் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரமும் கடைக்காரரின் மகள் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, பார்கோடுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சாமான் வாங்கப் போன என்னிடம் கசங்கிய சோப்புத்தூள் பாக்கெட் ஒன்றை நீட்டினாள்.

"அண்ணே, இது மூணா எட்டா?"

எனக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் பாதி மூன்றாகவும் பாதி எட்டாகவும்தான் தெரிந்தது. ஆனால் பதில் அந்தப் பாக்கெட்டிலேயே இன்னும் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று எண்ணின் கடைசி இலக்கம். மற்றொன்று சந்தேகப்பட்ட இலக்கத்தின் தலைக்கு மேலேயே நின்ற கோடுகள்.

நம் ஊர்ப் பொருள்களில் இருப்பது பெரும்பாலும் 13 இலக்க எண். 890 என்று தொடங்கினால், அதை வாங்கிய நிறுவனம் டெல்லியிலுள்ள ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்திருக்கிறது என்று பொருள். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று அல்ல. அடுத்து வருவது நிறுவனத்தின் எண், அதன்பின் பொருளின் எண். கடைசி இலக்கம் எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. முன்னால் உள்ள பன்னிரண்டும் சரிதானா என்று பார்க்கும் காவல்காரன் அது. சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள்.

இதை விளக்க நானே ஓர் எண்ணை அமைத்துக்கொள்கிறேன்: 8901234563809. வலது ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்க வேண்டும். கடைசி 9 அப்படியே, அதற்கு முந்தைய 0 மும்மடங்கு, 8 அப்படியே, 3 மும்மடங்கு என்று இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 100 வருகிறது. கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தில் முடிந்தால் எண் சரி. எட்டாவதாக உள்ள 5ஐ யாராவது 6 என்று எழுதியிருந்தால் அது மும்மடங்கு இடம் என்பதால் கூட்டல் 103 ஆகும். தப்பு உடனே தெரிந்துவிடும்.

ஏன் மூன்று? இரண்டால் பெருக்கினால் ஆகாதா? ஆகாது. அதற்குக் காரணம் நம்முடைய மூன்றும் எட்டும்தான். இரண்டுக்கும் வித்தியாசம் 5. இரண்டால் பெருக்கினால் அது 10 ஆகிவிடும். கூட்டல் பத்து கூடினாலும் கடைசியில் பூஜ்ஜியமே நிற்கும், தப்பு மறைந்துபோகும். மூன்றால் பெருக்கினால் 15. அது மறையாது. ஒன்று முதல் ஒன்பது வரை எந்த வித்தியாசத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்ஜியத்தில் முடியாது. அதனால் ஒரே ஓர் இலக்கம் மட்டும் தப்பாகியிருந்தால், அது எந்த இடத்தில் இருந்தாலும் இந்தக் கூட்டல் பிடித்துவிடும்.

இதிலிருந்து இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஓர் இலக்கம் அழிந்தே போயிருந்தாலும் மற்றவற்றை வைத்து அதை மீட்டுவிடலாம். நம் எண்ணில் ஒன்பதாவது இடம் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதியைக் கூட்டினால் 94. அடுத்த 100க்குத் தேவை 6. அந்த இடம் மும்மடங்கு இடம் அல்ல, ஆகவே கிழிந்தது 6.

இந்தக் காவலிலும் ஒரு சந்து உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிப்போவது எழுதும்போது அடிக்கடி நடக்கும். அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் கூட்டல் அதைக் கண்டுபிடிக்காது. நம் எண்ணில் 38 என்று இருப்பதை 83 என்று எழுதிப் பாருங்கள்: 8901234568309. கூட்டல் 110 வரும். சரி என்றே சொல்லிவிடும். 16ஐ 61 என்றும், 27ஐ 72 என்றும், 49ஐ 94 என்றும், 05ஐ 50 என்றும் மாற்றினாலும் இதே கதைதான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் 3, 8 ஜோடி இந்தச் சந்தில் போய் நிற்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. எண்ணில் இந்த ஐந்து ஜோடிகளில் ஒன்று தென்பட்டால் நான் இரண்டாவது முறையும் பாக்கெட்டைப் பார்ப்பேன்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது கோடுகளை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் இரண்டு கறுப்புக் கோடும் இரண்டு வெள்ளை இடைவெளியும் உண்டு. மொத்த அகலத்தை ஏழு சம பங்காகப் பிரித்து இவற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வலது பாதியில் எந்த இலக்கத்துக்கும் ஒரே ஒரு வடிவம்தான், அதனால் கண்ணால் படிப்பது எளிது. 3 என்றால் மெல்லிய கோடு, நான்கு பங்கு வெள்ளை, மெல்லிய கோடு, ஒரு பங்கு வெள்ளை. 8 என்றால் மெல்லிய கோடு, இரண்டு பங்கு வெள்ளை, மெல்லிய கோடு, மூன்று பங்கு வெள்ளை. மூன்றில் கோடுகள் தள்ளி நிற்கும், எட்டில் நெருங்கி நிற்கும். 1ஐயும் 7ஐயும் பிரிப்பது இன்னும் சுலபம். ஒன்றுக்கு இரண்டு கோடும் தடிமன், ஏழுக்கு இரண்டும் மெலிவு. அன்று அந்தப் பாக்கெட்டில் சந்தேக இலக்கம் வலது பாதியில் இருந்தது, மேலே கோடுகள் தள்ளி நின்றன. மூணுதான் என்றேன். அவள் விடவில்லை. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

மூன்று எட்டாகத் தெரிவதற்கு அச்சும் காரணம். பிளாஸ்டிக் உறையில் மை கொஞ்சம் பரவினால் 3, 6, 9 ஆகியவற்றின் திறந்த வாய் மூடிக்கொள்ளும், எல்லாம் எட்டுபோல ஆகிவிடும். வெப்பத்தால் அச்சாகும் எடை லேபிளில் நடப்பது நேரெதிர். வெயிலில் மங்கி எட்டின் ஒரு பக்கம் போய்விடும், 3 அல்லது 6 மிஞ்சும். எந்த வகை அச்சு என்று பார்த்தாலே சந்தேகம் எந்தத் திசையில் என்பது புரிந்துவிடும்.

இனி முதல் இலக்கம். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். 890ல் உள்ள 8 மட்டும் கோடுகளுக்கு வெளியே, இடப்பக்கம் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதும்போது பலர் அதை விட்டுவிடுவார்கள். அது தனியாக நிற்பதற்குக் காரணம், அதற்கென்று கோடே கிடையாது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டிராய் ஊரில், ஒரு கடையின் கல்லாவில் சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அப்போதைய எண்ணுக்கு 12 இலக்கம்தான். பிறகு ஐரோப்பியர்களுக்குப் பதின்மூன்றாவது இலக்கம் தேவைப்பட்டது. ஆனால் கோடுகளுக்கு இடத்தைக் கூட்டினால் பழைய அமைப்போடு ஒத்துப்போகாது. அதனால் இடது பாதியின் ஆறு இலக்கங்களுக்கு மட்டும் இரண்டு வகை வடிவம் வைத்தார்கள். எந்த எந்த இடத்தில் எந்த வகை வருகிறது என்ற வரிசையே முதல் இலக்கத்தைச் சொல்லிவிடும். ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், யார் யார் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்பதிலேயே ஏழாவது ஆளின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பது போல. 8க்கு இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது ஆள்கள் தொப்பி போடுவார்கள். 0 என்றால் யாருக்குமே தொப்பி இல்லை. பழைய அமெரிக்கப் பார்கோடு அப்படியே பூஜ்ஜியத்தில் தொடங்கும் 13 இலக்க எண்ணாகப் படிக்கப்படுவது இதனால்தான்.

தொல்லை தொடங்குவதும் அங்கேதான். பாடங்களில் அடிக்கடி காட்டப்படும் ஓர் அமெரிக்க எண்ணை எடுத்துக்கொள்வோம்: 036000291452. உறையில் முதல் 0 இடது ஓரத்திலும் கடைசி 2 வலது ஓரத்திலும் சிறிதாக வெளியே நிற்கும், நடுவில் பத்து இலக்கம் இருக்கும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினால் "ஜீரோ த்ரீ சிக்ஸ் டிரிபிள் ஜீரோ" என்று வாசிப்பார்கள். அந்த 'டிரிபிள்' காதில் 'டபுள்' என்று விழுந்தால் ஒரு பூஜ்ஜியம் போயிற்று. அப்படிப் போனது நடுவில் என்றால் அதற்கு இடப்பக்கம் உள்ள 3, 6 ஆகியவற்றின் பெருக்கல் மாறி, கூட்டல் தப்பைக் காட்டிவிடும். முன்னால் உள்ள பூஜ்ஜியம் போனால்? 36000291452ஐ வலமிருந்து கூட்டிப் பாருங்கள், 60 வருகிறது. 036000291452ஐக் கூட்டினாலும் 60, 0036000291452ஐக் கூட்டினாலும் 60. பூஜ்ஜியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்ஜியமே. ஒற்றை இலக்கத் தப்பு ஒவ்வொன்றையும் பிடிக்கிற காவல், முன்னால் நிற்கும் பூஜ்ஜியம் காணாமல் போனால் ஒரு வார்த்தை பேசாது.

விழுப்புரத்துத் தொலைபேசிக் குறியீடு 04146. வெளிநாட்டிலிருந்து அழைத்தால் அந்தப் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும், அப்போதுதான் மணி அடிக்கும். அந்தப் பழக்கத்தைப் பார்கோடுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே எண் ஒரு பெயர், அதன் நீளமும் பெயரில் சேர்த்தி. சில்லறைப் பொருளின் எண் 8, 12 அல்லது 13 இலக்கம் இருக்கும், அட்டைப்பெட்டியில் 14 இருக்கும். பதினொன்று என்று ஒன்று கிடையாது. நோட்டில் பதினோரு இலக்கம் இருந்து வலமிருந்து கூட்டலும் சரியாக வந்தால், முன்னால் ஒரு பூஜ்ஜியம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம்.

ஸ்கேனர் வந்த பிறகு ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். வெளிநாட்டுச் சாக்லேட் ஒன்று மட்டும் பில்லில் ஏறவில்லை, அப்படி ஒரு பொருளே இல்லை என்று திரை சொன்னது. நோட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் 12 இலக்கமும் சரியாக, முன் பூஜ்ஜியத்தோடு இருந்தது. தப்பு நோட்டில் இல்லை, நோட்டைப் பார்த்து அவள் அடித்துவைத்த எக்செல் தாளில் இருந்தது. எக்செல் அந்த எண்ணை ஒரு தொகை என்று நினைத்து முன் பூஜ்ஜியத்தை உதிர்த்திருந்தது. அதே தாளில் 890 என்று தொடங்கும் எண்கள் 8.90123E+12 என்பதுபோலச் சுருங்கித் தெரிந்தன. எக்செல் கோப்பாகவே சேமித்திருந்ததால் உள்ளே 13 இலக்கமும் பத்திரமாக இருந்தன. அப்படித் தெரியும் நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்திருந்தால் கடைசி ஏழு இலக்கமும் பூஜ்ஜியமாகிப் போயிருக்கும்.

எண்ணை உள்ளிடுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் உதிர்ந்த பூஜ்ஜியம் திரும்பி வராது. அவள் பத்தியை மாற்றிவிட்டு நோட்டைப் பார்த்து மறுபடி அடித்தாள். 12 இலக்கத்துக்கு முன்னால் இன்னொரு பூஜ்ஜியமும் போட்டாள். அவர்கள் ஸ்கேனர் அமெரிக்க எண்ணையும் 13 இலக்கமாகவே அனுப்புகிறது என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். சாக்லேட்டை மறுபடி காட்டினாள். விலை வந்தது.