கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல்

58 வயதுத் தையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகையில், வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு கீற்று. தலையைத் திருப்பினால் மறுபடியும். விடிந்து பார்த்தால் அதே கண்ணில் கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. வலியில்லை, சிவப்பில்லை, ஊசியில் நூலும் கோக்க முடிகிறது. அதனால்தான் பலரும் இதை ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடக் கூடாத வாரம் அது.

கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருப்பது தெளிவான ஒரு கூழ். பெரும்பகுதி தண்ணீர், அதைக் கட்டி வைத்திருப்பவை மெல்லிய நார்கள். வயது ஏற ஏறக் கூழ் இளகிச் சுருங்கி, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டு விலகுகிறது. ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது இயல்பாக நடப்பதுதான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சற்று முன்னதாகவே நடக்கலாம்.

விலகும் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. எந்தத் தொந்தரவையும் வெளிச்சமாகத்தான் மூளைக்குச் சொல்லும். அந்த இழுப்புதான் மின்னல். கூழின் நார்த்துணுக்குகள் விழித்திரைமேல் வீழ்த்தும் நிழல்தான் புள்ளிகள்.

பெரும்பாலோருக்குக் கூழ் சுத்தமாகக் கழன்றுவிடும். ஆனால் இப்படித் திடீர் அறிகுறியோடு வருபவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு, அழுத்தமாக ஒட்டியிருந்த இடத்தில் விழித்திரை கிழிந்திருக்கும். கிழிசல் பெரும்பாலும் குதிரை லாட வடிவில் இருக்கும். அதன் வழியே திரவம் அடியில் புகுந்தால், சுவரொட்டிக் காகிதம் உரிவதுபோல விழித்திரை உரிந்து வரும். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரக் கண் மருத்துவர் ஜூல் கோனன்தான், விழித்திரை கழல்வதற்குக் காரணம் இந்தக் கிழிசலே என்று கண்டு, அதை மூடிச் சிகிச்சை செய்து காட்டினார். அதற்கு முன் அப்படிப் போன பார்வை போனதாகவே கருதப்பட்டது.

கிழிந்ததா இல்லையா என்பதை நோயாளியால் உணர முடியாது. எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தும் அறிய முடியாது. கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் விழும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையின் விளிம்புவரை பார்த்தாக வேண்டும். பரிசோதனைக்குப் பின் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. கூழில் இரத்தமோ, புகையிலைத் தூள்போன்ற நிறத்துகளோ தெரிந்தால் மருத்துவர் இன்னும் கவனமாகத் தேடுவார்.

இரு கண்களிலும் ஒரே மாதிரி வளைந்து நெளியும் ஒளி தோன்றி அரைமணி நேரத்தில் மறைந்தால், அது ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டமாக இருக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

தையல்காரர் அன்றே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிறு கிழிசல் ஒன்று தெரிகிறது. அதைச் சுற்றி லேசரால் வேலி போடுகிறார்கள்; மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. வடு இறுகிப் பிடிக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். புள்ளிகள் உடனே மறையாது. மறுபரிசோதனைக்கு நாள் குறித்துத்தான் அனுப்புவார்கள். அதற்கு முன் புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டினாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே திரும்பி வர வேண்டும்.