ஒரே படம், பல பேனர்: கடல் எங்கே முடியவேண்டும்?

கடற்கரை மேசையில் ஒரு பழரச பாட்டில். பின்னால் கடல், இடப்பக்கமாகச் சாயும் நிழல். 1920×1080 பிக்சலில் எடுத்த இந்த ஒரே படத்திலிருந்து இணைய விளம்பரத்துக்கான எல்லா அளவு பேனர்களும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 300×250 எளிது, வெட்டினாலே போதும். சிக்கல் 970×250-ல்தான். பாட்டில் முழுதாகத் தெரிய 900 பிக்சல் உயரம் தேவையென்றால், அகலம் ஏறக்குறைய 3,490 வேண்டும். படத்தில் இருப்பதோ 1,920.

மீதி அகலத்தை வரைந்து தருவதுதான் அவுட்பெயின்டிங். 2022 ஆகஸ்டில் டால்-ஈ இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஃபோட்டோஷாப்பில் ‘ஜெனரேட்டிவ் எக்ஸ்பேண்ட்’ வந்தது. விளிம்பில் இருப்பதைப் பார்த்து, அதற்கு அப்பால் என்ன இருக்கக்கூடும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஊகம்தான் என்பதை மறந்தால் வம்பு. ‘பழரச பாட்டில்’ என்று குறிப்பு எழுதினால் ஓரத்தில் இரண்டாவது பாட்டில் முளைத்துவிடும். குறிப்பைக் காலியாக விடலாம். இல்லையேல் வரவேண்டிய கடலையும் மணலையும் மட்டும் எழுதலாம்.

ஒவ்வொரு பேனருக்கும் தனித்தனியாக விரித்தால், ஒன்றில் வலப்பக்கம் படகும் இன்னொன்றில் பாறையும் வந்து நிற்கும். அதனால் பெரிய தாய்ப்படம் ஒன்றை முதலில் முடித்துவிட்டு, எல்லா அளவுகளையும் அதிலிருந்தே வெட்டவேண்டும். ஒரே வீச்சில் 1,500 பிக்சல் கூட்டாமல், பக்கத்துக்குச் சில நூறாக, பழைய பகுதியையும் கொஞ்சம் தேர்வில் சேர்த்துக்கொண்டு நகர்வது நல்லது. சில மென்பொருள்கள் பழைய பகுதியையும் லேசாக மாற்றிவிடும். பாட்டிலின் லேபிள் எழுத்து குழம்புவது இதனால்தான். கடைசியில் மூலப்படத்தை மேலே ஒரு லேயராக வைத்து, ஓரத்தை மட்டும் மென்மையாக்கினால் லேபிள் தப்பும்.

சரிபார்க்க முதல் இடம் தொடுவானம். அதன்மேல் ஒரு நேர்க்கோட்டை இழுத்தால், புதுப் பகுதியில் கடல் ஏறியிருப்பதோ இறங்கியிருப்பதோ உடனே தெரியும். புதிதாக வந்த குடையின் நிழல் வலப்பக்கம் விழுந்தால் அதைத் தூக்கி எறியவேண்டும். ஒட்டு தெரிகிறதா என்று பார்க்க, கான்ட்ராஸ்ட்டைத் தற்காலிகமாக மிகையாக ஏற்றலாம். புகைப்படத்தின் மணிமணியான இரைச்சல் புதுப் பகுதியில் இல்லாமல் வழவழவென்று இருப்பது அப்போது காட்டிக்கொடுக்கும். அங்கே சிறிது ‘நாய்ஸ்’ சேர்த்தால் சரியாகிவிடும்.

3,490 பிக்சல் 970-ஆகச் சுருங்கும்போது புதுப் பகுதியின் சிறு மங்கல் கண்ணில் படாது. அதே தாய்ப்படத்தைத் தெருவோர ஹோர்டிங்குக்குக் கொடுத்தால் படும்.

728×90 மட்டும் வேறு ஜாதி. அதே கணக்கில் அதற்கு 7,280 பிக்சல் அகலம் வேண்டும்; முக்கால்வாசி ஊகக் கடலாகிவிடும். அதற்கு பாட்டிலைத் தனியே வெட்டி, கடலின் நீல நிறத்தின் மேல் வைப்பதே நல்லது.